பணம் அங்கே கழிந்துவிட்டது, இங்கே வரவில்லை: எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எப்படி

ராமேஸ்வரத்தில் சனிக்கிழமை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு வெள்ளி மாலையே டீசலும் ஐஸும் ஏறியாக வேண்டும். இறால் எடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால், "அண்ணே, போட்டாச்சு, எங்க அக்கவுண்ட்ல கழிஞ்சிருச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் வரும். படகுக்காரர் கணக்கில் பழைய இருப்புதான் நிற்கும். இந்த இடத்தில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நடுவில் பணம் எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால், காத்திருப்பதா, யாரைக் கேட்பது, வேறு வழி பார்ப்பதா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகும் பணம் மூன்று இடங்களில் நின்று போகிறது. முதலில் அனுப்புபவரின் வங்கி, அவர் கணக்கில் கழித்துத் தன் உள்கணக்கு ஒன்றில் வைக்கிறது. பிறகு அந்த வங்கி ரிசர்வ் வங்கி வழியாகப் பெறுபவரின் வங்கிக்குக் கணக்குத் தீர்க்கிறது. மூன்றாவதாக, பெறுபவரின் வங்கி உங்கள் கணக்கு எண்ணில் வரவு வைக்கிறது. ஸ்கிரீன்ஷாட் காட்டுவது முதல் இடத்தை மட்டும்தான். அடுத்த இரண்டும் நடந்ததா என்பதற்கு அதில் சாட்சி கிடையாது.

ஆகவே முதல் கேள்வி "போட்டீங்களா?" என்பதாக இருக்கக் கூடாது. "யூடிஆர் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் வங்கி போடும் தனி அடையாள எண் அது. அந்த எண் இருந்தால் பணம் முதல் வங்கியின் வாசலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

எண்ணைக் கொடுத்ததும் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். நெஃப்ட் யூடிஆர் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் 22 எழுத்து, ஐஎம்பிஎஸ்ஸும் யூபிஐயும் 12 இலக்கம். ஆர்டிஜிஎஸ் எண்ணுக்குள் தேதியே இருக்கும்:

```
XXXXR52025091200012345
```

முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த R ஆர்டிஜிஎஸ் என்பதற்கு, அதற்கடுத்தது எந்த வழியாக அனுப்பினார்கள் என்பதன் குறி. பிறகு வரும் எட்டு இலக்கம் ஆண்டு, மாதம், நாள்: 2025 செப்டம்பர் 12. "நேத்தே போட்டாச்சு" என்று சொல்பவர் கொடுத்த எண்ணில் இன்றைய தேதி இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. இந்த நீளங்களில் எதிலும் சேராத எண் வந்தால், அது பெரும்பாலும் கம்பெனியின் நெட்பேங்கிங் தன் வசதிக்குப் போட்ட ரெஃபரன்ஸ் எண்ணாக இருக்கும். உங்கள் வங்கியில் அதைக் கொடுத்துத் தேடச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: கணக்கில் கழிந்திருக்கிறது, யூடிஆர் மட்டும் கொடுக்க முடியவில்லை

இந்தக் கடற்கரையில் அதிகம் குழப்புவது இதுதான் என்பதால் இதை விரிவாகவே பார்ப்போம். மீன் கம்பெனிகள் படகு படகாகத் தனித்தனியே பணம் அனுப்புவதில்லை. இருபது, முப்பது பேருக்கு உரிய தொகையை ஒரே ஃபைலாக ஏற்றுவார்கள். ஒரு ஆள் ஏற்றுவார், இன்னொரு ஆள் ஒப்புதல் கொடுப்பார். பல வங்கிகளில் இப்படி ஏற்றும் ஃபைலுக்கு மொத்தத் தொகையும் ஒரே வரியாகக் கழியும்படி கணக்கு அமைக்கப்பட்டிருக்கும். மொத்தம் கழிந்த பிறகுதான் வங்கி அந்த ஃபைலைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனி நெஃப்ட் போடும். அப்போதுதான் ஒவ்வொரு வரிக்கும் யூடிஆர் பிறக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் சனிக்கு முந்திய வெள்ளி. தூத்துக்குடியில் ஒரு கம்பெனி, 23 படகுக்காரர்களுக்கு மொத்தம் 14,60,000 ரூபாய். மண்டபத்துக்காரர் ஒருவருக்கு அதில் 1,85,000. கணக்காளர் மாலை 5.40க்கு ஃபைலை ஏற்றுகிறார். மேனேஜர் வெளியே போய்விட்டு வந்து 6.25க்கு ஒப்புதல் கொடுக்கிறார். அந்தக் கணக்கின் ஃபைலை வங்கி அன்றே எடுத்துக்கொள்ளும் கடைசி நேரம், அதாவது கட்-ஆஃப், 6 மணி என்று வைத்துக்கொள்வோம். 6.26க்கு 14,60,000 ஒரே வரியாகக் கழிகிறது. ஃபைல் மட்டும் "அடுத்த வேலைநாள்" வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. சனி வங்கி விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. திங்கள் காலை 8.40க்கு ஃபைல் பிரிகிறது, 9 மணி நெஃப்ட் தொகுப்பில் போகிறது, 11 மணிக்குள் மண்டபத்தில் வரவாகிறது. மேனேஜர் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் வெள்ளி இரவே வந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெஃப்ட் சனி ஞாயிறும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது நெஃப்ட் அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் வங்கியின் சொந்த ஃபைல் வேலை. கட்-ஆஃப் நேரம் வங்கிக்கு வங்கி, ஏன், ஒரே வங்கியில் கணக்குக்குக் கணக்கு வேறுபடும். ரிசர்வ் வங்கியின் நேர அட்டவணையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனிதான் தன் வங்கியில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

இதுதானா என்று உறுதி செய்ய, கம்பெனியிடம் ஸ்டேட்மெண்ட் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரோ உங்கள் 1,85,000மோ இல்லாமல், ஒரு பெரிய தொகையும் ஒரு ஃபைல் எண்ணும் மட்டும் இருந்தால் இதேதான். அடுத்து, நெட்பேங்கிங்கில் அந்த ஃபைலைத் திறந்து வரிவாரியாக நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா வரியும் நிலுவை என்று காட்டினால் கட்-ஆஃப் தாண்டிய கதை. மற்ற வரிகள் போய் உங்கள் வரி மட்டும் நிராகரிப்பு என்று நின்றால் உங்கள் ஐஎஃப்எஸ்சி அல்லது கணக்கு எண்ணில் கோளாறு. 2020இல் வங்கிகள் இணைந்ததைத் தொடர்ந்து மாறிய ஐஎஃப்எஸ்சியைப் பழைய பட்டியலிலேயே விட்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பணம் கழிந்ததுபோல் தெரியும், ஆனால் கழிந்திருக்காது, பிடித்து மட்டும் வைக்கப்பட்டிருக்கும்:

```
Ledger balance      16,40,000
Available balance    1,80,000
Lien / Hold         14,60,000
```

லெட்ஜர் இருப்பு குறையாமல், எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் குறைந்திருந்தால், வங்கி தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். இரவில் பதிவு செய்து மறுநாளுக்குத் தேதி குறித்த பணமாற்றங்களிலும், இரண்டாவது ஒப்புதல் வராமல் கிடப்பவற்றிலும் இது வரும். கைபேசி ஆப்பின் முதல் பக்கம் பெரும்பாலும் எடுக்கக்கூடிய இருப்பை மட்டும் காட்டுவதால், பார்ப்பவருக்குக் கழிந்ததாகவே படும்.

வெள்ளி இரவு டீசலுக்கு என்ன செய்வது? ஃபைல் வரிசையில் இருக்கும்போது ஒரு வரியை மட்டும் உருவி எடுக்க எல்லா வங்கியிலும் வழி இருக்காது. அதனால் "திரும்பப் போடுங்க" என்று 1,85,000ஐயும் மறுபடி கேட்காதீர்கள். திங்கட்கிழமை முதல் தொகையும் வந்து சேரும், பிறகு அதைத் திருப்புவதற்குள் உறவு கெட்டுவிடும். டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு வேண்டுமோ, 60,000 என்றால் அதை மட்டும், கம்பெனியில் மீதி இருக்கும் இருப்பிலிருந்து ஐஎம்பிஎஸ்ஸில் போடச் சொல்லி, அடுத்த பில்லில் கழிக்கும் அட்வான்ஸ் என்று வாட்ஸாப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎம்பிஎஸ்ஸுக்கு அதிகபட்ச வரம்பு 5 லட்சம். விடுமுறை, கட்-ஆஃப் எதுவும் அதைத் தொடாது. ஆனால் வங்கி தன் பங்குக்கு வரம்பைக் குறைத்திருக்கலாம். உங்கள் கணக்கு எண் அவர்கள் பட்டியலில் புதிதாக ஏறியது என்றால் முதல் நாள் குறைந்த தொகைதான் போகக்கூடும்.

அறிகுறி: நெஃப்ட், 16 எழுத்து யூடிஆர் கையில் இருக்கிறது, இன்னும் வரவில்லை

கணக்கு எளிது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும், எல்லா நேரமும் ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பு, நாளுக்கு 48. முதலாவது இரவு 12.30க்கு, கடைசி நள்ளிரவு 12க்கு. 7.35க்கு அனுப்பியது 8 மணித் தொகுப்பில் சேரும். தொகுப்பு தீர்ந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக, 7.35க்குப் போட்டதற்கு இரவு 10 மணி வரை புகார் சொல்ல இடமில்லை. அனுப்பிய நேரத்துக்கு அடுத்த அரை மணியை எடுத்து, அதோடு 2 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் வங்கிக்குப் போன் செய்வது உங்கள் ரீசார்ஜுக்குத்தான் நட்டம்.

"ஞாயித்துக்கிழமை நெஃப்ட் போகாது" என்று இன்றும் கவுண்ட்டரில் சொல்பவர்கள் உண்டு. அது பழைய காலத்துச் செய்தி. ஆர்டிஜிஎஸ்ஸும் 2020 டிசம்பர் 14 முதல் எல்லா நாளும் இயங்குகிறது. இரவு நாள்முடிப்புக்கும் அடுத்த நாள் தொடக்கத்துக்கும் இடையில் மட்டும் சிறிது இடைவெளி. ஆர்டிஜிஎஸ் தொகுப்பாகப் போவதில்லை, ஒவ்வொன்றும் தனியாகத் தீரும். பெறும் வங்கிக்குச் செய்தி வந்த 30 நிமிடத்தில் வரவாக வேண்டும். ஆனால் அதற்குக் குறைந்தபட்சம் 2 லட்சம் வேண்டும். மேலே பார்த்த 1,85,000 அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றதால்தான் நெஃப்டுக்குப் போனது.

அறிகுறி: யூடிஆர் உண்டு, அந்த நேரமும் தாண்டிவிட்டது

இப்போது சந்தேகம் உங்கள் வங்கியின் மேல் திரும்ப வேண்டும். கம்பெனியை விட்டுவிடலாம். ஆனால் முதலில் அவர்களிடம் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நெஃப்டில் பெறுபவர் கணக்கில் வரவானதும் அனுப்பியவருக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் உறுதிச் செய்தி போக வேண்டும் என்பது விதி. அந்தச் செய்தி வந்திருந்தும் உங்களுக்குப் பணம் தெரியவில்லை என்றால் இரண்டு காரணம்தான்: உங்களுடைய இன்னொரு கணக்கில் போயிருக்கிறது, அல்லது வேறொருவர் கணக்கில் போயிருக்கிறது. வரவு வைக்கும்போது கணக்கு எண்ணைத்தான் பார்ப்பார்கள், பெயரைப் பொருத்திப் பார்ப்பதில்லை. ஒரு இலக்கம் தப்பி, அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவர் இருந்துவிட்டால், பணம் தானாகத் திரும்பி வராது. அனுப்பியவர் உடனே தன் வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைத் திரையில் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முதல் தடவை உங்கள் கணக்கைச் சேர்க்கும்போது அந்தப் பெயரை வாசித்துக் காட்டச் சொல்வது நல்லது.

உறுதிச் செய்தியும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை என்றால் பெறும் வங்கியில்தான் தேங்கியிருக்கிறது. உங்கள் கணக்கு சிறிய கூட்டுறவு வங்கியில் இருந்தால் கூடுதலாக ஒரு கண்ணி இருக்கக்கூடும். இப்படிப்பட்ட சில வங்கிகள் நெஃப்டில் நேரடி உறுப்பினர் அல்ல, ஒரு பெரிய வங்கியின் முதுகில் ஏறித்தான் உள்ளே வருகின்றன. பணம் முதலில் பெரிய வங்கிக்கு வந்து, அங்கிருந்து சிறிய வங்கிக்குத் தகவல் போய், பிறகுதான் உங்கள் கணக்கில் ஏறும். அந்தக் கடைசிக் கட்டம் தானாக நடக்காமல் அலுவலர் உட்கார்ந்து ஏற்றும் இடத்தில், வெள்ளி இரவு வந்தது திங்கள் காலை வரை கிடக்கும். இதை அடையாளம் காண்பது சுலபம்: வேலைநாள் பகலில் வரும் பணம் அன்றே வந்துவிடும், மாலைக்குப் பின் வருவது மட்டும் ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை பத்தரைக்கு மேல் வரும். பாஸ்புக்கை எடுத்து மூன்று மாத வரவுத் தேதிகளைக் கம்பெனி அனுப்பிய தேதிகளோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் மீன் பணத்துக்கு மட்டும் வேறு வங்கியில் ஒரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் தீர்வு. சங்கக் கடனுக்காகக் கூட்டுறவுக் கணக்கை வைத்திருப்பவர்கள் அதை மூட வேண்டியதில்லை.

திரும்பிப் போயிருந்தால் அனுப்பியவர் ஸ்டேட்மெண்டில் தனி வரவு வரியாக, `RTN` அல்லது `RETURN` என்ற குறிப்போடு இருக்கும். கழிந்த வரி அப்படியே இருக்கும், அழியாது. கீழே உருட்டிப் பார்க்காதவர்கள் "கழிஞ்சது கழிஞ்சதுதான்" என்று சாதிப்பது இதனால்தான்.

அறிகுறி: கிளையில் எழுதிக் கொடுத்தது, அல்லது செக்

மின்வழியில் எந்நேரமும் என்ற விதி, கவுண்ட்டரில் காகிதம் நீட்டுபவருக்குப் பொருந்தாது. கிளை திறந்திருக்கும் நேரத்தில், அதுவும் அந்தக் கிளையின் பணமாற்று நேரத்துக்குள் கொடுத்தால்தான் அன்று போகும். நான்கு மணிக்கு மேல் கொடுத்த படிவம் மேசையிலேயே இருக்கலாம். சீல் வைத்த நகல் கிடைத்ததால் பணம் போய்விட்டது என்று ஆகாது, அதில் யூடிஆர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விடுமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம், நான்காம் சனி நாடு முழுக்க ஒன்றுதான். மற்ற வங்கி விடுமுறைகளில் பல மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொச்சியில் இருக்கும் கம்பெனிக்கு ஓணத்தன்று கிளையும் இல்லை, ஒப்புதல் கொடுக்க ஆளும் இல்லை, ராமநாதபுரத்தில் அன்று வேலைநாள். பொங்கலுக்கு இதே கதை தலைகீழ். ஏப்ரல் 1 கணக்கு முடிப்பு நாள், கிளையில் வாடிக்கையாளர் வேலை நடக்காது. செக் என்றால் 2025 அக்டோபர் 4 முதல் நாள் முழுக்கத் தொடர்ச்சியாகப் போகும் முறை வந்துவிட்டது, ஆனால் ஸ்கேன் செய்து அனுப்பும் நேரம் காலை 9 முதல் பிற்பகல் 3 வரைதான். 4 மணிக்குப் பெட்டியில் போட்ட செக் அடுத்த வேலைநாள் கணக்கு.

அறிகுறி: யூபிஐ, "நிலுவை" என்று காட்டுகிறது

இதற்கு விடுமுறையோ கட்-ஆஃபோ காரணமில்லை. வங்கிகளுக்கிடையே தீர்வு பிறகுதான் நடக்கும், ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் அதற்குக் காத்திராமல் வரவு வைப்பார்கள். நிலுவை என்றால் பெறும் வங்கியின் பதில் வரவில்லை என்பதே பொருள். ஆளுக்கு ஆள் அனுப்பியதாக இருந்தால் மறுநாள் முடிவதற்குள் வரவாக வேண்டும் அல்லது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்ததற்கு அந்த வரம்பு ஐந்து நாள். பாம்பன், ராமேஸ்வரம் கடைகளில் க்யூஆர் வைத்திருப்பவர்களுக்கு வேறு விஷயம்: ஸ்பீக்கர் "பெறப்பட்டது" என்று கத்தினாலும், சில கம்பெனிகளின் க்யூஆரில் அன்றைய வசூல் மறுநாள்தான் மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு பில்லையும் பாஸ்புக்கில் தேடாதீர்கள், நாள் மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

கீழக்கரைப் பக்கம் சவூதியிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு சொல். அங்கே வெள்ளி, சனி விடுமுறை, இங்கே ஞாயிறு விடுமுறை. வியாழன் மாலை கழிந்த பணம் வங்கி வழியாக வருவதாக இருந்தால் திங்கள் ஆவது சகஜம்.

தாமதத்துக்கு என்ன கிடைக்கும்

நெஃப்டில் பெறும் வங்கி அந்த 2 மணி நேரத்தைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தோடு 2% சேர்த்து வட்டி தர வேண்டும், நீங்கள் கேட்காமலே. ரெப்போ 5.25% என்று வைத்தால் 1,85,000க்கு ஒரு நாள் வட்டி சுமார் 37 ரூபாய். அரை லிட்டர் டீசலுக்கும் காணாது. ஐஎம்பிஎஸ்ஸிலும் யூபிஐயிலும் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், தொகை எதுவானாலும். ஆனால் முதல் அறிகுறியில் பார்த்த ஃபைல் தாமதத்துக்கு இவை எதுவும் பொருந்தாது, ஏனென்றால் பணம் நெஃப்டுக்குள் நுழையவே இல்லை.

புகார் கொடுக்கும்போது யூடிஆர், தொகை, அனுப்பிய தேதியும் நேரமும், உங்கள் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நெஃப்டுக்கு ஒவ்வொரு வங்கியிலும் தனி உதவி மையம் இருக்கிறது, கிளை மேனேஜரைவிட அங்கே வேகமாகப் பதில் வரும். 30 நாளில் தீராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் `cms.rbi.org.in` தளத்தில் போடலாம். வழி கேட்க 14448.

கம்பெனியிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசி வாங்க வேண்டியது இரண்டே விவரம்: அவர்கள் ஃபைல் கட்-ஆஃப் எத்தனை மணி, ஒப்புதல் கொடுப்பவர் இல்லாத நாளில் மாற்று ஆள் யார். சனிக்கிழமை டோக்கன் உள்ள வாரத்தில், அதிலும் இரண்டாம் நான்காம் சனி வரும் வாரத்தில், ஃபைலை வியாழக்கிழமையே ஏற்றச் சொல்லுங்கள்.